நீயா நீங்களா? முதல்முறை சந்திக்கறப்ப வர்ற சந்தேகங்கள் (மும்பைத் தமிழர்களுக்கு)

மும்பைல பொறந்து வளந்த நம்ம பசங்களும் பொண்ணுங்களும் வீட்ல நல்லாத்தான் தமிழ் பேசறாங்க. ஆனா வெளில ஒரு புதுத் தமிழ் முகத்தைப் பாத்ததும் முதல் வாக்கியத்துலயே தடுமாறிடறாங்க. செம்பூர், மாட்டுங்கா, தாராவி, டோம்பிவிலின்னு எந்தப் பக்கம் போனாலும் என்கிட்ட வந்து கேக்கறது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான், அதனால எல்லாத்தையும் கேட்டவங்க வார்த்தையிலயே எழுதி பதிலும் போட்டிருக்கேன்.

புதுசா ஒரு தமிழ்க்காரரைப் பாத்தா நீன்னு ஆரம்பிக்கணுமா, நீங்கன்னு ஆரம்பிக்கணுமா?

வளந்த ஆள் யாரா இருந்தாலும் நீங்க. ஆணா பெண்ணா, பணக்காரரா, என்ன வேலை, எந்த ஊரு, எதுவும் பாக்க வேண்டாம். ஸ்கூல் போற பிள்ளைங்கன்னா நீ, காலேஜ் வயசு வந்துட்டா நீங்க. உங்களை விட 10 வயசு சின்னவங்களா இருந்தாலும் முதல் நாள் நீங்கன்னே ஆரம்பிக்கலாம், யாரும் அதை வித்தியாசமா எடுத்துக்க மாட்டாங்க.

இதுக்குக் காரணம் ரொம்ப நடைமுறையானது. நீங்கல ஆரம்பிச்சு பழகப் பழக நீக்கு வர்றது எல்லாருக்கும் சந்தோஷமான விஷயம், நெருங்கிட்டோம்னு அர்த்தம். நீல ஆரம்பிச்சுட்டு நீங்கக்குப் போனா கோவமா, சண்டையா, ஏதாவது சொல்லிட்டோமான்னு எதிராளி யோசிக்க ஆரம்பிச்சிடுவாரு. ஒரு பக்கம் போற வழி சுலபம், திரும்பி வர்றது கஷ்டம், அதனால சுலபமான பக்கத்துல இருந்து கிளம்பறதுதான் சரி.

ஹிந்தில தூ, தும், ஆப்னு மூணு இருக்கு, தமிழ்ல ரெண்டுதான் இருக்கு. அப்ப தும் வர்ற இடத்துல எதைப் போடறது?

மும்பைல வளந்தவங்களோட சிக்கல் முக்காவாசி இங்கதான் ஆரம்பிக்குது. ஹிந்தில தும்ங்கறது ரொம்ப அகலமான இடம், கூட வேலை பாக்கறவர், பக்கத்து ஃப்ளாட்காரர், கொஞ்சம் சின்னவர், கடைப் பையன், எல்லாரும் அதுல அடங்கிடுவாங்க. அந்த தும்மை மனசுக்குள்ள அப்படியே நீன்னு மாத்திக்கறாங்க, ஏன்னா ஆப்தான் மரியாதை, அதுதான் நீங்கன்னு ஒரு கணக்கு இருக்கு. தமிழ்ல அந்தக் கணக்கு ஒத்து வராது. தும்னு சொல்ற ஆளை ஏற்கனவே நல்லாப் பழக்கம்னா நீ, இன்னிக்குத்தான் பாக்கறீங்கன்னா நீங்க. ஹிந்தில ஒரே பெட்டில இருக்கறது தமிழ்ல ரெண்டாப் பிரியுது, அவ்வளவுதான்.

அதுலயும் நம்ம மும்பை ஹிந்தில முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்டயே தூன்னு பேசறது சகஜம், லோக்கல் ட்ரெயின்ல கதவுகிட்ட நிக்கற பையன்கிட்ட "தூ கிதர் உதரேகா"ன்னு கேட்டா அவன் தப்பா எடுத்துக்க மாட்டான். அதையே தமிழ்ல "நீ எங்க இறங்குவ"ன்னு கேட்டீங்கன்னா, ஊர்ல இருந்து வந்த ஒரு 25 வயசு ஆளுக்கு சுருக்குன்னு இருக்கும்.

ஹிந்தியை விட மராத்தியை வெச்சு அளந்து பாருங்க, அது நமக்குக் கிட்ட வருது. மராத்தில துமீன்னா பல பேருக்கும் அதுதான், ஒரே ஆளுக்கு மரியாதைக்கும் அதுதான், நம்ம நீங்க மாதிரியே. அம்மாவை தூன்னு கூப்பிடறதும் நம்ம வீட்டு வழக்கம் மாதிரியேதான். ஒருத்தரை மராத்தில துமீன்னு கூப்பிடுவீங்கன்னா தமிழ்ல கண்டிப்பா நீங்க. ஒரே ஒரு எச்சரிக்கை, மும்பை ஆபீஸ்ல மராத்தில சீக்கிரமே தூக்கு மாறிடுவாங்க, அந்த வேகத்தைத் தமிழ்ல காட்ட வேண்டாம்.

நான் நீங்கன்னுதான் சொல்றேன், ஆனாலும் ஊர்ல இருந்து வந்த பாட்டி முறைச்சுப் பாக்கறாங்க. என்ன தப்பு?

நீங்கன்னு ஆரம்பிச்சு வினைச்சொல்லை நீ மாதிரி முடிச்சிருப்பீங்க. "நீங்க எப்ப வந்த?" "நீங்க இங்க உக்காரு." "நீங்க சாப்பிட்டியா?" மும்பைல இதை நான் அடிக்கடி கேக்கறேன், எங்கிருந்து வருதுன்னும் தெரியும். இங்க ஹிந்தில "ஆப் பைட்டோ", "ஆப் போலோ"ன்னு ஆப்பையும் தும்முக்கான வினையையும் சேத்துப் பேசறது சாதாரணம், "பைட்டியே"ன்னு முழுசா சொல்றவங்க கொஞ்சம் பேருதான். அந்தப் பழக்கம் அப்படியே தமிழுக்கு வந்துடுது. ஆனா தமிழ்ல "நீங்க உக்காரு"ங்கறது பாதி மரியாதைன்னு கேக்காது, தப்புன்னு கேக்கும்.

முக்கியமா ஒண்ணு புரிஞ்சுக்கணும், தமிழ்ல மரியாதை உக்காந்திருக்கறது வினையோட கடைசிலதான். பேசறப்ப நீ, நீங்கங்கற சொல்லையே நாம பாதி நேரம் விட்டுடுவோம். "எப்ப வந்தீங்க?"ன்னு கேட்டா போதும், நீங்கன்னு தனியா சொல்ல வேண்டியதே இல்ல. வந்தியா வந்தீங்களா ஆகணும், பாக்கற பாக்கறீங்க ஆகணும், வராதன்றது வராதீங்க ஆகணும். வராதீங்க, பண்ணாதீங்க, கவலைப்படாதீங்க மாதிரி வேண்டாம்னு சொல்ற வினைகள்லதான் நிறைய பேரு வழுக்கறாங்க, ஏன்னா அவசரத்துல வர்றது அதுங்கதான். கூடவே உன், உனக்கு, உன்கிட்ட எல்லாம் உங்க, உங்களுக்கு, உங்ககிட்ட ஆகணும்.

பழகறதுக்கு ஒரு வழி சொல்றேன். வா, போ, இரு, உக்காரு, சொல்லு, சாப்பிடு, இந்த 6 வினையை மட்டும் எடுத்துக்கிட்டு ஒவ்வொண்ணையும் வாங்க, வந்தீங்களா, வருவீங்களா, வராதீங்கன்னு வாய்விட்டு சொல்லிப் பழகுங்க. முதல் சந்திப்புல பேசறது பெரும்பாலும் இந்த ஆறுக்குள்ளயே முடிஞ்சிடும். சரியா வருதான்னு பாக்கணும்னா, உங்க வாக்கியத்துல இருந்து நீங்கங்கற சொல்லை எடுத்துடுங்க, அப்பவும் மரியாதை கேக்குதுன்னா சரி.

ஆமாங்க, சரிங்க, இல்லீங்கன்னு எல்லாத்துலயும் ங்க ஒட்டணுமா?

கோயம்புத்தூர், ஈரோடு பக்கத்துக்காரங்க அப்படித்தான் பேசுவாங்க, "மழை வருதுங்க"ன்னு மழையைப் பத்தி சொன்னாக்கூட கேக்கறவருக்கு மரியாதை போயிடும். மத்த ஊர்க்காரங்க அவ்வளவு ஒட்ட மாட்டாங்க. முதல் சந்திப்புல ரெண்டு மூணு இடத்துல "ஆமாங்க", "சரிங்க" வந்தா போதும், இல்லன்னா அந்த இடத்துல "ஆமா சார்", "சரிக்கா"ன்னு போட்டுக்கலாம். ஒரு பெரியவர்கிட்ட வெறும் "ஆமா", "ம்", "சரி"ன்னு மட்டும் பதில் சொல்லிட்டே இருந்தா மட்டும், வினையெல்லாம் சரியா இருந்தாலும் கொஞ்சம் வெட்டினாப்ல இருக்கும்.

வயசே தெரியல, எனக்குப் பெரியவரா சின்னவரான்னு புரியல. நீ நீங்க ரெண்டுமே சொல்லாம பேச முடியுமா?

முடியும், நம்ம மொழில அதுக்கு நல்ல வசதி இருக்கு. சில வினைகளுக்கு ஆளைக் காட்டற முடிவே கிடையாது. வேணுமா, தெரியுமா, பிடிக்குமா, போதுமா, முடியுமா, இதெல்லாம் யாருக்கும் ஒண்ணுதான். ஆச்சுன்னு முடியறதும் அப்படித்தான், சாப்பிட்டாச்சா, டிக்கெட் எடுத்தாச்சா, வந்து ரொம்ப நேரமாச்சா. ணும்னு முடியறது, லாம்னு முடியறது ரெண்டும் அதே, எங்க இறங்கணும், டீ குடிக்கலாமா. இது போக பெயரை மட்டும் வெச்சே கேட்டுடலாம், சொந்த ஊரு எது, வீடு எந்தப் பக்கம்.

சேத்துப் பாருங்க: "வணக்கம், தமிழா? சொந்த ஊரு எது? மும்பை வந்து எத்தனை வருஷமாச்சு? தாதர்ல இறங்கணுமா? இறங்கினதும் ஒரு டீ குடிக்கலாமா?" அஞ்சு கேள்வி, ஒண்ணுல கூட நீயும் இல்ல நீங்களும் இல்ல, கேக்கறதுக்கும் இயல்பா இருக்கு. அதுக்குள்ள அவர் எப்படிப் பேசறாருன்னு தெரிஞ்சிடும்.

ஆனா இது கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். பத்து நிமிஷம் இப்படியே பேசினா ஏதோ தவிர்க்கறாங்கன்னு எதிராளிக்குத் தெரிஞ்சிடும், அதோட வெறும் "பேரு என்ன?"ன்னு கேக்கறது பெரியவங்களுக்கு விசாரணை மாதிரி இருக்கும், அங்க "உங்க பேரு?"ன்னு மெதுவாக் கேக்கறதே நல்லது. சந்தேகம் தீரலன்னா முதல் பதில்தான், நீங்கக்குப் போயிடுங்க.

அண்ணா, தம்பி, அக்கான்னு உரிமையா கூப்பிட்டாச்சு. அதுக்கப்புறம் நீன்னு சொல்லலாம்ல?

சொல்லக் கூடாது. உறவுச்சொல் ஒரு தனிக் கணக்கு, நீ நீங்க ஒரு தனிக் கணக்கு. "தம்பி, இந்த ட்ரெயின் கல்யாண் போகுமா, கொஞ்சம் பாத்து சொல்லுங்க"ன்னு 50 வயசுக்காரர் 20 வயசுப் பையன்கிட்ட கேக்கறது ரொம்ப அழகான தமிழ். தம்பின்னு சொன்னதால சொல்லுங்க சொல்லுன்னு மாற வேண்டியதில்ல. வீட்ல சொந்த அண்ணனை நீன்னு கூப்பிடற குடும்பம் நிறைய இருக்கு, அதை வெச்சுக்கிட்டு வெளில கடைக்கார அண்ணனையும் நீன்னு கூப்பிட முடியாது, வெளியாள் அண்ணா, அக்கா எல்லாருக்கும் நீங்கதான்.

ப்ரோவும் அப்படித்தான், "ப்ரோ, எங்க இருக்கீங்க?"ன்னு இப்ப எல்லாரும் பேசறாங்க, அது சரியாவே இருக்கு. அங்கிள், ஆண்ட்டின்னு கூப்பிடறவங்களுக்கும் நீங்க. உங்களை விட பத்து வயசு மட்டும் மூத்த பெண்ணை ஆண்ட்டின்னு சொல்றதை விட அக்கான்னு சொல்றது எனக்கு எப்பவும் நல்லதாப் படுது. "என்னப்பா", "சொல்லும்மா"ன்னு பா, மா ஒட்டறது பெரியவங்க சின்னவங்ககிட்ட பேசறது, நீங்க சின்னவரா இருந்தா முதல் நாள் அதைத் தொட வேண்டாம். டா, டி பேச்சே வேண்டாம்.

ஆபீஸ்ல மூணு மாசமா இங்கிலிஷ்ல பேசிட்டிருந்தோம், இப்பத்தான் ரெண்டு பேருமே தமிழ்னு தெரிஞ்சுது. இனிமே எப்படிப் பேசறது?

இங்கிலிஷ்ல நெருக்கமாப் பேசினதால தமிழ்லயும் அந்த நெருக்கம் தானா வந்துடும்னு நினைக்கறாங்க, வராது. மொழி மாறின அன்னிக்கு அது மறுபடியும் ஒரு முதல் சந்திப்புதான். பேரைச் சொல்லியே கூப்பிடுங்க, வினையை நீங்கல வைங்க, "கார்த்திக், லஞ்சுக்கு வர்றீங்களா?" பேரும் நீங்களும் சேந்து வர்றது சம வயசுக்காரங்க நடுவுல நல்லாவே ஒத்துப் போகும். ரொம்ப மூத்தவரா இருந்தா இங்கிலிஷ்ல பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தாலும் தமிழ்ல சார், மேடம் சேத்துக்கங்க.

உங்களுக்குக் கீழ வேலை பாக்கறவங்களுக்கும் நீங்கதான். அவங்க உங்களைத் திருப்பி நீன்னு சொல்ல முடியாத நிலைமைல இருக்காங்க, அதனால நீங்க முதல்ல நீன்னு ஆரம்பிச்சா அது நெருக்கமாக் கேக்காது, அதிகாரமாத்தான் கேக்கும்.

அம்மாவை நீன்னுதான் கூப்பிடறேன், சாமியையும் நீன்னுதான் வேண்டறேன். அப்ப நீங்கறது மரியாதை இல்லன்னு எப்படி சொல்றது?

நீங்கறது மரியாதை இல்லாத சொல்னு நான் சொல்லவே மாட்டேன். ஔவையார் அதியமானை நீன்னுதான் பாடியிருக்காங்க, புறநானூறுல இருக்கு, அவன் நாட்டை ஆள்ற அரசன், நெல்லிக்கனி கொடுத்தவன்னு நன்றியோட பாடற பாட்டு அது. ஒரே ஆளைப் பன்மைல சொல்றது இலக்கணத்துல சேராது, ஆனா வழக்குல உயர்வுக்காக அப்படிச் சொல்றாங்கன்னு தொல்காப்பியம் சொல்லுது. அந்தப் பேச்சு வழக்குதான் இன்னிக்கு நம்ம நீங்கக்குப் பின்னால நிக்குது.

இன்னிக்கு நீங்கறது நெருக்கத்தோட சொல். அம்மாகிட்ட அந்த நெருக்கம் பொறந்ததுல இருந்து இருக்கு, சாமிகிட்ட நாமளே எடுத்துக்கறோம். இப்பத்தான் பாத்த ஆள்கிட்ட அது இன்னும் வரல, அதனால அங்க நீன்னு சொன்னா கேக்கறவருக்கு ரெண்டுதான் தோணும், ஒண்ணு என்னைச் சின்னப் பிள்ளைன்னு நினைக்கறாங்க, இல்ல என்னைக் கீழ வெச்சுப் பேசறாங்க.

அவர் என்னை நீன்னு பேசறாரு, நான் நீங்கன்னு பேசறேன். நானும் நீக்கு மாறலாமா, எப்ப மாறலாம்?

உங்களை விட நல்லா மூத்தவர்னா மாற வேண்டாம், அவர் நீன்னு சொல்றது பாசம், நீங்க நீங்கன்னு சொல்றது மரியாதை, ரெண்டும் அப்படியே ஓடட்டும். கிட்டத்தட்ட ஒரே வயசுன்னா, அவர் ரெண்டு மூணு தடவை நீன்னு பேசினதும் நீங்களும் மாறிடலாம், அதுக்கப்புறமும் நீங்கன்னே சொல்லிட்டிருந்தா தள்ளி நிக்கறீங்கன்னு அவருக்குத் தோணும். "எதுக்கு வாங்க போங்கன்னுட்டு, சும்மா நீன்னே சொல்லு"ன்னு வாய் விட்டு சொல்லிட்டா அந்த நிமிஷமே மாறிடுங்க.

ரெண்டு பேருமே நீங்கன்னு பேசிட்டு இருக்கீங்க, யாரு முதல்ல மாறறதுன்னு தெரியலன்னா, மூத்தவங்க மாறட்டும்னு விடுங்க. ஆணும் பெண்ணுமா இருந்தா அந்தப் பெண் மாறட்டும்னு காத்திருக்கறதுதான் நல்லதுன்னு நான் நினைக்கறேன். நீங்க நீன்னு மாறினதுக்கு அப்புறமும் அவங்க நீங்கன்னே பதில் சொல்லிட்டு இருந்தாங்கன்னா அவங்களுக்கு இஷ்டமில்லன்னு அர்த்தம், பேசாம திரும்பி நீங்கக்கே வந்துடுங்க.

எங்க பில்டிங்ல புதுசா ஒரு தமிழ்க் குடும்பம் வந்திருக்கு. தாத்தா, என் வயசுல அவர் பையன், அவரோட மனைவி, 9 வயசுப் பொண்ணு. எனக்கு 32. கதவைத் தட்டினா யார்கிட்ட எப்படிப் பேசறது?

கதவைத் திறக்கறது அந்த மனைவின்னு வெச்சுக்கங்க. "வணக்கங்க, நாங்க நாலாவது மாடி. நீங்க புதுசா வந்திருக்கீங்கன்னு சொன்னாங்க, அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." இங்க நீங்கங்கறது அவங்க ஒருத்தரையும் குறிக்கும், குடும்பம் மொத்தத்தையும் குறிக்கும், ரெண்டுக்கும் பொருந்துது. பையன் வந்ததும் அவருக்கும் நீங்க, உங்க வயசுதான்னு பாத்த உடனே தெரிஞ்சாலும் முதல் நாள் நீங்க. தாத்தாவுக்கு நீங்களோட இன்னும் கொஞ்சம் கவனம், அவர்கிட்ட "சாப்பிட்டாச்சா தாத்தா"ன்னு கேக்கலாம், "எந்திரிக்க வேண்டாம், உக்காருங்க"ன்னு சொல்லலாம். சின்னப் பொண்ணுகிட்ட "நீ எந்த கிளாஸ் படிக்கற?" தாராளமா. அவளை நீங்கன்னு கூப்பிட்டா அம்மா அப்பாவே சிரிப்பாங்க, சில வீட்ல பாசத்துக்காக பிள்ளைங்களை வாங்க போங்கன்னு பேசுவாங்க, அது அவங்க வீட்டு வழக்கம். தாத்தாவையும் பேத்தியையும் சேத்துப் பாத்து "ரெண்டு பேரும் பார்க்குக்குப் போவீங்களா?"ன்னு கேட்டா அங்க நீங்கதான் வரும், அது பன்மை.

இதுல நிறைய பேரு கோட்டை விடற இடம் வேற. நேர்ல எல்லாரையும் நீங்கன்னு பேசிட்டு, அங்க இல்லாதவங்களைப் பத்தி பேசறப்ப "அவன் வந்தானா", "அவ எங்க வேலை பாக்கறா"ன்னு விட்டுடறாங்க. கணவரைப் பத்தி மனைவிகிட்ட கேட்டா "அவர் எப்ப வருவாரு?" மனைவியைப் பத்தி கணவர்கிட்ட கேட்டா "அவங்க எங்க வேலை பாக்கறாங்க?" ஆணுக்கு அவன், அவரு, அவங்கன்னு மூணு படி இருக்கு, பேச்சுத் தமிழ்ல பெண்ணுக்குப் பொதுவா அவ, அவங்க ரெண்டுதான், அதனால புதுசாப் பாத்த பெண்ணைப் பத்திப் பேசறப்ப எப்பவும் அவங்கதான்.

தாராவில ஒரு பெரியவர் என்கிட்ட "நீரு எங்கேருந்து வாரீரு"ன்னு கேட்டாரு. இது மரியாதையா, மட்டமா?

மட்டம் இல்லவே இல்ல. தாராவில திருநெல்வேலிச் சீமைல இருந்து வந்த குடும்பங்க ரொம்ப காலமா இருக்காங்க, அந்தப் பேச்சுல நீக்கும் நீங்கக்கும் நடுவுல நீருன்னு ஒண்ணு உயிரோட இருக்கு. வாரும், இரும், சொல்லும், எங்க போறீரு, இதெல்லாம் அதோட வினைகள். பெரும்பாலும் வளந்த ஆம்பளைங்களைப் பாத்து சொல்றது, உன்னைச் சின்னப் பையனா நினைக்கல, ஒரு ஆளா மதிக்கறேன், அதே சமயம் ரொம்பத் தள்ளியும் வெக்கலங்கற தொனி அதுல இருக்கு. யாழ்ப்பாணத் தமிழ்லயும் நீர் இருக்கு, அங்க சம வயசுக்காரங்க, கணவன் மனைவி நடுவுல எல்லாம் வரும்.

மேல தும்முக்கு எதுன்னு ஒரு கேள்வி வந்துச்சே, அதுக்கு ரொம்பக் கிட்ட வர்றது இதுதான். ஆனா அந்தப் பேச்சுல வளராதவங்க அதை எடுத்துப் பேச வேண்டாம்னுதான் சொல்வேன், யார்கிட்ட எப்ப சொல்லலாம்ங்கற அளவு கூடவே வளந்தவங்களுக்குத்தான் தெரியும். அவர் நீருன்னு கேட்டா நீங்க "செம்பூர்ல இருந்து வர்றேங்க, நீங்க?"ன்னு பதில் சொல்லுங்க.

எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்காவும் தமிழ், காலைல சைக்கிள்ல இட்லி கொண்டு வர்றவரும் தமிழ். வீட்ல எல்லாரும் அவங்களை நீன்னுதான் சொல்றாங்க. நானும் அப்படியே சொல்லவா?

வேண்டாம், இதுல எனக்கு ரெண்டாவது எண்ணமே கிடையாது. முதல் கேள்விக்கு சொன்ன பதில்ல, என்ன வேலைன்னு பாக்க வேண்டாம்னு எழுதினதுக்கு இதுதான் காரணம். ஊர்ல சாதியைப் பாத்து, வயசான ஆளைக்கூட சின்னப் பசங்க நீ வா போன்னு கூப்பிட்டதும், அவங்க திரும்பி அந்தச் சின்னப் பசங்களையே வாங்க சாமின்னு கூப்பிட வேண்டி வந்ததும் நம்ம கிட்டத்துல நடந்த வரலாறு, இன்னும் முழுசாப் போகல. அதுல இருந்து தப்பிச்சு மும்பை வந்த குடும்பங்க நிறைய இருக்கு. அவங்க வீட்டுப் பெரியவங்களுக்கு ஒரு அந்நிய ஆள் சொல்ற நீங்கறது சாதாரணமாக் கேக்காது.

வீட்ல பெரியவங்க எப்படிப் பேசினாலும் நீங்க உங்க வரைக்கும் "அக்கா, நாளைக்கு எப்ப வருவீங்க?" "அண்ணே, இன்னிக்கு சட்னி நல்லா இருந்துச்சுங்க"ன்னு ஆரம்பிச்சிடுங்க. யாரும் தடுக்க மாட்டாங்க, கொஞ்ச நாள்ல வீட்ல இருக்கற சின்னப் பிள்ளைங்க உங்களைப் பாத்து அதையே பேசும்.

வீட்ல பாத்த வரன், வீடியோ கால்ல முதல்முறை பேசப் போறோம். அவர் என்னை விட 3 வயசு பெரியவர், மதுரைக்காரர். நான் நீங்க, அவர் நீன்னு ஆரம்பிச்சா ஒத்துக்கணுமா?

முதல் காலுக்கு ரெண்டு பேருக்குமே நீங்கதான். 3 வயசு வித்தியாசம் எல்லாம் ஒரு வித்தியாசமே இல்ல. அவர் எடுத்த எடுப்புலயே "நீ என்ன படிச்சிருக்க"ன்னு ஆரம்பிச்சா ரெண்டு வழி இருக்கு. நீங்க தொடர்ந்து நீங்கன்னே பேசிக் கவனிக்கலாம், நிறைய பேரு அதைக் கேட்டதும் தானாத் திருந்திடுவாங்க. இல்லன்னா சிரிச்ச முகத்தோட "நாம ரெண்டு பேருமே நீன்னு பேசிக்கலாமா, இல்ல ரெண்டு பேரும் நீங்கவா?"ன்னு நேராக் கேட்டுடலாம். அவர் என்ன பதில் சொல்றாருங்கறது, படிப்பு சம்பளத்தை விட, கல்யாணத்துக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்.

பேச்சு முடிஞ்சு குடும்பங்க சந்திக்கறப்ப கணக்கு மாறும், அங்க வயசை விட உறவு முறை பெரிசு. மாமனாருக்கு வயசு 60 ஆனாலும் மாப்பிள்ளையை வாங்கன்னுதான் கூப்பிடுவாரு. அண்ணியா போறீங்கன்னா, கொழுந்தனார் உங்களை விட வயசுல மூத்தவரா இருந்தாலும் பல வீட்ல உங்களை நீங்கன்னுதான் சொல்வாரு, நீங்களும் அவரை நீங்கன்னு சொல்றது நல்லது. இதே மாதிரி வயசைத் தாண்டற இன்னொரு இடம் சபரிமலைக்கு மாலை போட்டவங்க, பத்து வயசுப் பையனா இருந்தாலும் அந்த விரத நாள்ல "சாமி, வாங்க"தான்.

பழக்க தோஷத்துல நீன்னு சொல்லிட்டேன், அவர் முகமே மாறிடுச்சு. இப்ப என்ன பண்றது?

முகம் மாறினதை கவனிச்சீங்களே, அதுவே பாதி வேலை. முகம் மாறாம வேற மாதிரியும் காட்டுவாங்க, பதில் ஒரு வார்த்தையாச் சுருங்கும், திடீர்னு இங்கிலிஷுக்கோ ஹிந்திக்கோ மாறிடுவாங்க, இல்லன்னா உங்களைப் பாத்து நீங்கங்கறதை அழுத்தி அழுத்தி சொல்லுவாங்க. அது தெரிஞ்ச உடனே அடுத்த வாக்கியத்தை முழு நீங்கல சொல்லுங்க, வினையோட முடிவு தெளிவாக் கேக்கணும், கூட ஒரு சார், அண்ணா, அக்கா இருக்கட்டும். "அண்ணா, நீங்க மும்பை வந்து ரொம்ப வருஷம் இருக்கும்ல, எங்க வேலை பாக்கறீங்க?" பெரும்பாலும் அதோட சரியாயிடும்.

நீளமா மன்னிப்பு கேட்டா விஷயம் பெரிசாகிடும். அவரே "என்ன தம்பி, நீ வான்னு பேசறீங்க"ன்னு கேட்டுட்டா மட்டும் "தப்பா நினைக்காதீங்கண்ணா, இங்க ஹிந்தி பேசிப் பேசி அப்படியே வந்துடுச்சு"ன்னு ஒரே வரில சொல்லிட்டு பேச்சைத் தொடருங்க. ஊர்க்காரங்களுக்கு மும்பைத் தமிழ் எப்படி இருக்கும்னு தெரியும், திருத்திக்கிட்டாங்கன்னு பாத்ததும் விட்டுடுவாங்க. திருத்திக்கிட்ட அப்புறம் அதே பேச்சுல மறுபடியும் நீக்கு வழுக்காம மட்டும் பாத்துக்கங்க, அதுக்கு மேல சொன்ன அந்த 6 வினையைப் பழகி வெச்சிருந்தா போதும்.